கடைப் படத்தில் பேடாவும் பர்பியும்: ஊசிப்போனதா என்று பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால் இனிப்புப் பட்டறையில் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததிலிருந்து, உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கடைக்காரர் அனுப்பிய படத்தை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதால், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்துப் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கோவாவையும் சர்க்கரையையும் சேர்த்துக் கிளறிச் செய்யும் வெள்ளைப் பால்பேடாவும் சாதாப் பால் பர்பியும்தான் முதன்மையான பேச்சு. மற்ற வகைகள் வரும் இடத்தில் அவற்றின் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, வெறும் போட்டோவைப் பார்த்தே கெட்டுப்போச்சான்னு சொல்லிட முடியுமா?

"வேண்டாம்" என்று சொல்ல முடியும். "தைரியமாகச் சாப்பிடுங்கள்" என்று சொல்ல முடியாது. பூசணம், நீர் விட்ட மேற்பரப்பு, வறண்டு சுருங்கிய ஓரம் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் கேடுகள்; படம் ஓரளவு நன்றாக இருந்தால் அவற்றைப் பிடித்துவிடலாம். புளிப்பு, நெய்யின் சிக்கு வாடை, கசப்பு ஆகியவை எந்தப் படத்திலும் வருவதில்லை.

இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. கோவாவைக் கிளறி இறக்கிய பிறகு பிசைவதும் உருட்டுவதும் அழுத்துவதும் கையால் நடக்கின்றன. கையில் இருக்கும் புண்ணிலிருந்தோ மூக்கிலிருந்தோ ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி இனிப்பில் சேர்ந்து, சூடான இடத்தில் சில மணி நேரம் கிடந்தால், நச்சை உண்டாக்கிவிடும். அந்த நச்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் வாந்தியாகத்தான் அது தன்னைக் காட்டும். ஆகவே கீழே வரும் பதில்கள் எல்லாம் ஒதுக்க வேண்டியதை ஒதுக்குவதற்காக மட்டுமே என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சரி, நல்ல பேடா போட்டோல எப்படித்தான் இருக்கணும்?

அன்று செய்த பால்பேடாவின் மேற்பரப்பு முழுக்க மங்கலாகவும் இருக்காது, கண்ணாடி போலவும் மின்னாது. கோவாவில் உள்ள நெய் மிக மெல்லிய படலமாக மேலே வந்து நிற்பதால், வெளிச்சம் படும் பக்கத்தில் அகலமான, ஓரம் கலைந்த ஒரு மினுமினுப்புத் தெரியும். நடுவில் அழுத்திய கட்டைவிரல் குழியின் விளிம்பு தெளிவாக இருக்கும். அச்சில் போட்ட பேடா என்றால் அச்சின் கோடுகள் மழுங்காமல் இருக்கும்.

பர்பியில் மேற்பரப்பைவிட வெட்டிய பக்கத்தைப் பாருங்கள். கத்தி இறங்கிய இடத்தில் கோவாவின் நுண்மணிகள் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறத்தில் தெரிய வேண்டும், நான்கு மூலைகளும் கூராக இருக்க வேண்டும். மேலே மட்டும் ஒரு நூலிழை அகலத்துக்கு நிறம் கருத்திருந்தால், அது வெட்டி வைத்துக் கொஞ்ச நாளாகித் தோல் கட்டிய பர்பி. தோல் கட்டியது கெட்டது என்று அர்த்தமில்லை. பழையது என்று அர்த்தம்.

பளபளன்னு இருந்தா புதுசுன்னு தானே அர்த்தம்?

இந்த எண்ணத்தால் ஏமாறுபவர்கள்தான் அதிகம். பளபளப்பு மூன்று காரணங்களால் வருகிறது: நெய், தண்ணீர், கடை விளக்கு. முதலாவது பெரும்பாலும் நல்லது, இரண்டாவது பெரும்பாலும் கெட்டது, மூன்றாவது இனிப்பைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

பளபளப்பு இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அந்த வெள்ளை ஒளிப்புள்ளியின் ஓரம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது பயன் தரும். படத்தைப் பெரிதாக்குங்கள். ஒளி அகலமாகப் பரவி, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி மங்கினால், அடியில் இருப்பது அரைத்திடமான நெய்ப்படலம். ஒளி சின்னதாக, வெட்டியெடுத்தது போன்ற கூரான ஓரத்துடன், பல இடங்களில் சிதறி நின்றால், அடியில் நீர்மம் இருக்கிறது. மேற்பரப்பு நீர்மமாகிச் சமதளமானால்தான் விளக்கின் வடிவம் அப்படியே அதில் தெரியும். சில படங்களில் குழல் விளக்கின் நீளக்கோடு பர்பியின் மேலேயே தெரிவதைப் பார்த்திருக்கிறேன்.

ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் இந்தச் சோதனை தோற்றுவிடும். எல்லாத் துண்டுகளிலும் ஒரே இடத்தில், கேமராவை நோக்கிய பக்கத்தில், ஒரே அளவு வெள்ளைப் புள்ளி இருந்தால் அது ஃபிளாஷ். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நீர்மம்னு தெரியுது. ஆனா அது உருகின நெய்யா தண்ணியான்னு எப்படிச் சொல்றது?

கேள்வி சரியானதுதான், ஏனென்றால் சித்திரை வெயிலிலும் சூடான விளக்குக்கு அடியிலும் நெய் முழுக்க உருகி, முந்தைய பதிலில் சொன்ன கூரான ஒளியைத் தானும் காட்டும். இங்கே வடிவம் உதவும். பால் இனிப்பின் மேற்பரப்பு நெய்ப்பசை உள்ளது என்பதால், உருகிய நெய் அதில் தட்டையாகப் பரவிவிடும். தண்ணீர் ஒட்டாமல் முத்துமுத்தாகத் திரண்டு நிற்கும்.

பேடாவைச் சின்னக் காகிதக் கிண்ணத்தில் வைத்திருந்தால் இன்னும் எளிது. சாதாரண வெள்ளைக் காகிதத்தில் நெய் ஊறினால், அந்த இடம் கண்ணாடி போல ஊடுதெரியும். ஆனால் காகிதம் சுருங்காது, மடிப்புகள் விறைப்பாகவே நிற்கும். தண்ணீர் ஊறினால் மடிப்புகள் தளர்ந்து, காகிதம் ஊதி, அலையலையாக வளையும். நெய் ஊறாத வகைக் காகிதமாக இருந்தால் முதல் அடையாளம் கிடைக்காது, இரண்டாவது மட்டும் கிடைக்கும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் உண்மையில் பயப்பட வேண்டியது. ஈரம் சர்க்கரையைக் கரைத்துப் பாகாக்கிவிட்டால், அந்தப் பாகு முத்தாகவும் நிற்காது, நெய்யைப்போல மெல்லியதாகவும் பரவாது. பிசுபிசுப்பான கனத்த படலமாகத் துண்டின் மேல் ஒட்டிக்கொள்ளும். அப்போது மூலைகள் மழுங்கும், கட்டைவிரல் குழியின் விளிம்பு கரையும், அடுத்தடுத்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி இடைவெளி காணாமல் போகும். ஒளி எப்படி இருந்தாலும் சரி, உருவம் கரைந்த பேடாவை வாங்காதீர்கள்.

மேல முத்து முத்தா தண்ணி நிக்குது. "இப்பத்தான் ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்தேன்"ங்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

நம்பலாம், அது நடக்கக்கூடியதுதான். குளிர்ந்த இனிப்பை வெளியே எடுத்தால் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் வேர்வையாக இறங்கும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இன்னும் வேகமாக இறங்கும். அப்படி இறங்கியது என்றால் துளிகள் ஏறக்குறைய ஒரே அளவில், எல்லாத் துண்டுகளின் மேலும், தட்டின் உலோக விளிம்பிலும்கூட இருக்க வேண்டும். தட்டு காய்ந்திருக்க இனிப்பு மட்டும் நனைந்திருந்தால், அந்த ஈரம் காற்றிலிருந்து வந்ததல்ல, உள்ளிருந்து வந்தது.

ஆனால் உண்மையாகவே ஃபிரிட்ஜ் வேர்வை என்றாலும், அந்தத் தட்டின் ஆயுள் அங்கிருந்து குறையத் தொடங்குகிறது. பேடாவில் உள்ள சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் பூசணத்துக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. மேலிருந்து ஒரு துளி இறங்கும் இடத்தில் மட்டும் சர்க்கரை நீர்த்துப்போகிறது. பூசணம் முளைக்க அந்த ஒரு புள்ளி போதும். எடுத்து, வேர்வை காய்ந்து, மறுபடி உள்ளே வைத்து, மறுநாள் எடுப்பது என்று நடக்கும் கடைகளில் பேடாவின் மேல் அம்மைத் தழும்பு மாதிரிச் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கும். துளி விழுந்து சர்க்கரை கரைந்து காய்ந்த இடங்கள் அவை. துளிகள் இப்போது இல்லாவிட்டாலும் பள்ளங்கள் இருந்தால் கதை புரிந்துவிடும்.

வெள்ளையா ஏதோ படிஞ்சிருக்கு. பூசணமா, சர்க்கரை பூத்திருக்கா?

எனக்கு வரும் படங்களில் பாதி இதற்காகத்தான் வருகின்றன. வெள்ளையாகப் படிவது பூசணமாகவோ, பூத்த சர்க்கரையாகவோ, உறைந்த நெய்யாகவோ இருக்கலாம்.

சர்க்கரை பூப்பது, மேற்பரப்பிலிருந்து தண்ணீர் ஆவியாகிச் சர்க்கரை மணிகளாகப் பிரிந்து நிற்பதால். காற்றுப் படும் பக்கம் முழுவதும் சீராக வெளுக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஊசிமுனை அளவுக்கு மணிகள் மின்னும். உறைந்த நெய் ஃபிரிட்ஜில் வைத்த துண்டுகளில் வரும். மெழுகு தேய்த்தது போல வழவழப்பாக, லேசான மஞ்சள் கலந்து, பெரும்பாலும் அடிப்பக்கத்திலும் ஓரங்களிலும் இருக்கும். கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் மறைந்துவிடும். இந்த இரண்டும் கேடு அல்ல, பழமையின் அடையாளம் அல்லது குளிரின் அடையாளம்.

பூசணம் சீராக வராது. வட்டமான திட்டாகத் தொடங்கும், அதுவும் ஈரம் தங்கும் இடங்களில்: இரண்டு துண்டுகள் தொடும் இடம், காகிதக் கிண்ணத்தின் உள்மடிப்பு, பிஸ்தாச் சீவலின் அடி. முதலில் வெள்ளையாகத்தான் இருக்கும். பச்சை, சாம்பல், கருமை எல்லாம் அது முதிர்ந்து வித்து விட்ட பிறகு வரும் நிறங்கள். அதனால் "பச்சையா இல்லையே" என்று சமாதானம் அடையக்கூடாது. துண்டின் விளிம்புக் கோட்டைப் பாருங்கள். சர்க்கரை பூத்தாலும் நெய் உறைந்தாலும் விளிம்பு தெளிவாகவே இருக்கும். பூசணத்தின் இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், இருண்ட பின்னணியில் அந்த ஒரு இடத்தில் மட்டும் விளிம்பு பஞ்சுபோலக் கலங்கும். அது மின்னவும் செய்யாது.

பேடாவோட ஓரம் வெடிச்சிருக்கே, காஞ்சு போச்சா?

உருண்டையை அழுத்தித் தட்டையாக்கும்போதே ஓரத்தில் வெடிப்பு வரும்; கோவா கொஞ்சம் கெட்டியாகிவிட்டால் இன்னும் நன்றாக வெடிக்கும். அந்த வெடிப்புகள் சிலவே, அகலமானவை, ஓரத்திலிருந்து உள்நோக்கிச் செல்பவை. வெடிப்பின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே நிறம், ஒரே மினுமினுப்பு. காய்ந்து வந்த வெடிப்போ மயிரிழை போல மெல்லியதாக, வலைப்பின்னலாக, மேற்பரப்பு முழுவதும் ஓடும். ஓரம் வெளுத்தோ பழுத்தோ தெரியும், மினுமினுப்பு அடியோடு போயிருக்கும். காய்ந்த பேடா கடிக்கக் கஷ்டமாக இருக்குமே தவிர, ஈரமாகிப்போன பேடா அளவுக்கு ஆபத்தானதல்ல. தட்டில் பத்துக் காய்ந்த பேடாவும் இரண்டு ஒட்டிப்போன பேடாவும் இருந்தால், என் பார்வை அந்த இரண்டின் மேல்தான் இருக்கும்.

கலர் மஞ்சளா இருக்கு. பழசா?

நிறத்தை வைத்து முடிவு செய்வதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். இனிப்புக் கடைகளில் மஞ்சள் விளக்கு போடுவதே பண்டம் நெய் சொட்டுவது போலத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். அந்த வெளிச்சத்தில் சுண்ணாம்புச் சுவரும் மஞ்சளாகத்தான் விழும். படத்தில் விலைச்சீட்டோ வெள்ளைக் காகிதமோ இருந்தால், அது எந்த நிறத்தில் தெரிகிறது என்று முதலில் பாருங்கள்.

ஒரே படத்துக்குள், ஒரே துண்டுக்குள் இருக்கும் நிற வேறுபாடு மட்டும் நம்பத்தக்கது. பாலும் சர்க்கரையும் சேர்ந்த பண்டம் வைத்திருக்க வைத்திருக்க மெல்லப் பழுப்பேறும். ஓரம் நடுவைவிடப் பழுத்திருந்தாலோ, மேல் வரிசைத் துண்டுகள் கீழ் வரிசையைவிடக் கருத்திருந்தாலோ, அது விளக்கின் வேலை அல்ல. பழைய சரக்கின் மேல் புதிய சரக்கை அடுக்கியிருந்தால் அடி வரிசை கருத்திருக்கும், இதையும் கவனியுங்கள்.

தார்வாட் பேடா, மதுரா பேடாவுக்கும் இதே கணக்குத்தானா?

இல்லை, அங்கே கணக்கு ஏறக்குறையத் தலைகீழ். அந்தப் பேடாக்களில் கோவாவை நன்றாக வறுத்துப் பழுப்பாக்கி, மேலே சர்க்கரைப் பொடியில் புரட்டுகிறார்கள். ஆகவே பழுப்பு நிறமும் வெள்ளைப் படிவும் இயல்பானவை, மினுமினுப்பு இல்லாமல் இருப்பதுதான் நல்ல அடையாளம். பொடி சீராக, காய்ந்த மாவுபோல உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கங்கே பொடி காணாமல் போய்க் கருத்த ஈரத்திட்டு தெரிந்தால், உள்ளே இருந்த ஈரமோ வெளியே இருந்து வந்த ஈரமோ சர்க்கரையைக் கரைத்துவிட்டது.

கலாகண்ட் இன்னொரு விதிவிலக்கு. அது பால் திரிந்து மணிமணியாக இருப்பது, இயல்பிலேயே ஈரம் கொண்டது. புதிய கலாகண்டின் வெட்டிய பக்கத்திலேயே ஈரமான மினுமினுப்பு இருக்கும். அதனால் அதைப் படத்தில் பார்த்துத் தீர்மானிக்கும் வேலையே வேண்டாம். செய்த அன்றே தீர்க்க வேண்டிய பண்டம் அது.

வெள்ளி இழை ஒட்டியிருந்தா எதைப் பார்க்கறது?

பக்கவாட்டை. வெள்ளித்தாளின் ஒளி, அடியில் இருக்கும் எல்லாவற்றையும் மறைத்துவிடும்; மேலே ஒளியை வைத்துச் செய்யும் சோதனை எதுவும் அங்கே செல்லாது.

பிஸ்தாவும் குங்குமப்பூவும் ஏதாவது சொல்லுமா?

நிறையச் சொல்லும். குங்குமப்பூ இழையைச் சுற்றி மஞ்சள் வளையம் பரவியிருந்தால் ஈரம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் அந்த நிறம் நெய்யில் அல்ல, தண்ணீரில்தான் கரைந்து ஓடும். பாலில் ஊறவைத்த இழையை வைக்கும் கடைகளில் முதல் நாளே சின்ன வளையம் இருக்கும் என்பதால், வளையத்தின் அளவைத் துண்டுக்குத் துண்டு ஒப்பிடுங்கள். எல்லாம் ஒரே அளவு என்றால் அது செய்முறை; ஒன்றிரண்டில் மட்டும் பெரிதாகப் பரவியிருந்தால் அந்தத் துண்டுகள் நனைந்திருக்கின்றன.

பிஸ்தாச் சீவலின் வெட்டுப்பக்கம் பச்சையாக இருந்து நாளாக நாளாகப் பழுக்கும். அதைவிட, சீவல் இனிப்போடு சேரும் கோட்டைப் பாருங்கள். பூசணம் தொடங்கும் இடங்களில் ஒன்று அது என்று மேலே சொன்னேன்.

கடைக்காரர்கிட்ட எப்படிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லணும்?

ஒரே தட்டை இரண்டு கோணத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு படத்தைவிட இரண்டு படம் பல மடங்கு பயன்படும். கேமரா நகர்ந்தால் ஒளியின் பளபளப்பும் இடம் மாறும். கறை, பூசணம், பள்ளம் ஆகியவை இருந்த இடத்திலேயே இருக்கும். முதல் படத்தில் வெள்ளையாகத் தெரிந்த புள்ளி இரண்டாவது படத்திலும் அதே துண்டின் அதே இடத்தில் இருந்தால், அது விளக்கின் ஒளி அல்ல. முடிந்தால் ஃபிளாஷ் இல்லாமல், வாசல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழும்படி, தட்டுக்கு நேர் மேலே நிற்காமல் சாய்வாக எடுக்க வேண்டும்; மேற்பரப்பின் மேடுபள்ளம் அப்போதுதான் நிழல் விட்டுத் தெரியும். ஒரு துண்டைப் பிட்டு உட்பக்கம், ஒன்றைக் கவிழ்த்து அடிப்பக்கம் என்று இன்னும் ஒரு படம் கிடைத்தால் நல்லது.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, நாம் தேடும் நுண்மணிகளும் மயிரிழை வெடிப்பும் முதலில் காணாமல் போகும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். படத்தில் கத்தி வெட்டிய பக்கமும் மேல்பக்கமும் ஒரே மாதிரி வழவழவென்று இருந்தால், ஒன்று படம் சுருங்கியிருக்கிறது, அல்லது அழகுபடுத்தும் ஃபில்டர் போட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட படத்தில் குறை தெரியவில்லை என்றால், குறை இல்லை என்று ஆகாது.

சில கடைகள் கடைசிவரை புதிய படம் அனுப்புவதில்லை, விளம்பரத்துக்கு எடுத்து வைத்ததையே அனுப்புகின்றன. அன்றைய விலைச்சீட்டையோ அன்றைய பில்லையோ தட்டோடு சேர்த்து எடுக்கச் சொன்னால் இந்தச் சிக்கல் தீரும்.

அக்கா, நாளைக்கு வளைகாப்பு. அரை கிலோ பெட்டியோட போட்டோ அனுப்பியிருக்காங்க, அதே மாதிரி இருபது பெட்டி ரெடியாம். வாங்கலாமா?

வந்த படத்தில் நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து வெள்ளைப் பேடா, ஒவ்வொன்றும் காகிதக் கிண்ணத்தில். முதல் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. மேல் வரிசையில் அகலமான மென்மையான மினுமினுப்பு, விரல்குழிகள் தெளிவு. பிறகு பெட்டியின் பிளாஸ்டிக் மூடியைப் பார்த்தேன். மூடியைத் திறந்து பக்கத்தில் சாய்த்து வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். அதன் உட்பக்கம் நடுவில் நீர்த்துளிகள். அதற்கு நேர்கீழே வரக்கூடிய நடு வரிசைப் பேடாக்களில் இரண்டின் மேல் பள்ளங்கள், அவற்றில் மட்டும் குங்குமப்பூ வளையம் அகலம், கிண்ணத்தின் மடிப்பும் தளர்ந்திருந்தது.

பேடா ஆறுவதற்கு முன்பே பெட்டியில் போட்டு மூடியிருக்கிறார்கள் என்பதுதான் இதன் பொருள். சூட்டில் கிளம்பிய ஆவி மூடியில் துளியாகி, நடுவில் திரண்டு, கீழே சொட்டியிருக்கிறது. பேடா பழையதல்ல, புதியதுதான்; புதியதாக இருந்ததால்தான் ஆவி வந்தது. ஆனாலும் அந்த இரண்டு துண்டுகளில் சர்க்கரை நீர்த்துப்போய்விட்டது, மீதிப் பெட்டிகளும் அதே சூட்டில் மூடப்பட்டிருக்கும். அன்றே சாப்பிடுவதாக இருந்தால் யோசிக்கலாம். மறுநாள் மதியம் பந்தியில் வைத்து, விருந்தாளிகள் ஊருக்கு எடுத்துப்போய் அதற்கடுத்த நாள் திறக்கும் பெட்டிக்கு அது ஆகாது. மறுநாள் காலை புதிதாகச் செய்து, தட்டில் முழுக்க ஆறவிட்டு, அதன்பின் பெட்டியில் அடுக்கித் தரும்படி கேட்கச் சொன்னேன்.

தட்டுல தேதி எழுதியிருந்தா இதெல்லாம் எதுக்கு?

தேதிதான் முதலில் பார்க்க வேண்டியது. 2020 அக்டோபர் 1 முதல், பெட்டியில் அடைக்காமல் உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் பயன்படுத்துவது நல்லது என்பதைத் தட்டில் காட்ட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதித்திருக்கிறது. செய்த தேதியைக் காட்டுவது கடைக்காரரின் விருப்பம். ஆணையத்தின் வழிகாட்டலில் வெள்ளைப் பேடாவுக்கும் சாதா பர்பிக்கும் 4 நாள், கலாகண்டுக்கு அன்று ஒரு நாள்தான். ஆகவே தட்டுப் படத்தில் சீட்டும் விழும்படி கேளுங்கள். சீட்டே இல்லாத கடை என்றால் அதுவும் ஒரு தகவல்.

ஆனால் தேதி, பண்டம் ஒழுங்காக வைக்கப்பட்டது என்ற நம்பிக்கையில் எழுதப்படுவது. வளைகாப்புப் பெட்டியில் நடந்தது போலச் சூட்டோடு மூடியதற்கும், தினமும் ஃபிரிட்ஜில் ஏற்றி இறக்கியதற்கும் அந்தச் சீட்டு பொறுப்பேற்காது. தேதி சரி, மேற்பரப்பு சரியில்லை என்றால் நான் மேற்பரப்பைத்தான் நம்புவேன். தேதி கடந்துவிட்டது, மேற்பரப்பு நன்றாக இருக்கிறது என்றால், முதல் பதிலில் சொன்ன காரணத்துக்காகத் தேதியை நம்புவேன்.

ஒரே ஒரு பேடாலதான் பூசணம். அதை எடுத்துப் போட்டுட்டு மத்ததைச் சாப்பிடக் கூடாதா?

தொட்டுக்கொண்டிருந்த துண்டுகளையும், அதே பெட்டியில் அடைபட்டிருந்தவற்றையும் சேர்த்தே எறிந்துவிடுங்கள். பேடா மென்மையான பண்டம். கண்ணுக்குத் தெரியும் திட்டுக்கு அடியில் இழைகள் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்று தெரியாது, சுரண்டி எடுத்தால் போதும் என்பது இங்கே பொருந்தாது. தவிர, வித்து விட்ட பூசணத்தை அசைத்த உடனேயே அது பெட்டி முழுவதும் பரவிவிடும். கடையின் தட்டில் இப்படி ஒன்றைப் படத்தில் பார்த்தால், அந்தத் தட்டிலிருந்து எதையும் வாங்காமல் இருப்பதோடு, அடுத்த தட்டில் அதே இடுக்கியைத்தான் பயன்படுத்துகிறார்களா என்றும் பாருங்கள்.

போட்டோல ஒரு குறையும் தெரியல. வீட்டுக்கு வந்து பார்த்தா புளிப்பு வாடை. எப்படி?

கோவாவே பழையதாக இருந்திருக்கலாம். புளிக்கத் தொடங்கிய கோவாவைச் சர்க்கரையோடு மறுபடி கிளறிப் புதிய பேடா பிடித்தால், மேற்பரப்பு அன்றலர்ந்தது போலவே இருக்கும். மினுமினுப்பு, விரல்குழி, விளிம்பு எல்லாம் சரியாக இருக்கும். ஏலக்காய் கூடுதலாகப் போட்டால் கடையில் முகர்ந்தாலும் தெரியாது. பிட்டு எடுத்த உட்பக்கத்தின் படம் இருந்தால் சில சமயம், எல்லாச் சமயமும் அல்ல, உள்ளே சின்னச் சின்னக் காற்றுத் துளைகளோ, மணிகள் ஒன்றோடொன்று சேராத சொரசொரப்போ தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டைப் பிட்டு, உட்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய் முகருங்கள். மேல்பக்கத்தை முகர்ந்தால் ஏலக்காய்தான் வரும். பிடும்போது நூல் நூலாக இழுத்தால் முகரக்கூடத் தேவையில்லை. புளிப்போ சிக்கு வாடையோ இருந்தால் ருசி பார்க்காமல், பில்லோடு திருப்பிக் கொடுங்கள். பிட்ட துண்டையும் பெட்டியிலேயே வைத்துக் கொடுங்கள், கடைக்காரரும் அதே இடத்தை முகரட்டும்.